பத்து பேரை அனுப்புவதா, சனிக்கிழமையை விடுவதா? மந்த மாதங்களில் வேலையைப் பங்கு போடும் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. ஒரு நாள் ராத்திரி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, அடுத்த வாரத்துலேர்ந்து சனிக்கிழமை லீவுன்னு போர்டுல எழுதிட்டாங்கணா. யாரையும் நிறுத்த மாட்டாங்களாம், அதுக்குப் பதிலா இதுவாம். இது நமக்கு நல்லதாணா, கெட்டதாணா?"

நான் பல வருஷம் டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் போட்டவன். அதனால்தான் என்னிடம் வந்தாள். நான் திருப்பி மூன்று கேள்வி கேட்டேன். வேலையில்லாத சனிக்கிழமைக்கு ஏதாவது கூலி உண்டா? இது எல்லாருக்குமா, உங்கள் லைனுக்கு மட்டுமா? எந்தத் தேதியோடு முடிகிறது? அவளுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. போர்டில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. யாரையும் வெளியே அனுப்பாமல், இருக்கிற வேலையை இருக்கிற எல்லாரும் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடாகவும் அமையும், மறைமுகமான கூலிக் குறைப்பாகவும் முடியும். எது எப்போது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம்

பழைய வடாற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோலை நம்பியிருக்கிற ஊர்களில் 'சீசன்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் வெயில் காலத்துக்கு ஒரு தடவை, குளிர் காலத்துக்கு ஒரு தடவை ஆர்டர் கொடுக்கிறான். ஒரு சீசன் சரக்கு கண்டெய்னரில் ஏறிய பிறகு, அடுத்த சீசனுக்கு சாம்பிள் போய், அது பாஸாகி, ஆர்டர் உறுதியாகி, தோல் வந்து இறங்கும் வரை லைனில் வேலை குறைவாகத்தான் இருக்கும். இந்த மந்தம் திரும்பத் திரும்ப வரும், வந்தபடியே போகவும் செய்யும். நாம் பேசப்போகும் ஏற்பாடு இப்படிப்பட்ட மந்தத்துக்குத்தான் பொருந்தும். பெரிய பையர் ஒருவன் ஒரேயடியாகக் கழன்றுகொண்டால், வேலையைப் பங்கு போடுவது முடிவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிச் செய்திகளைப் படித்துவிட்டு, வேலையை விட்டு அனுப்புவதையே 'லே-ஆஃப்' என்கிறார்கள். நம் தொழிலாளர் சட்டத்தில் லே-ஆஃப் என்பது வேறு. ஆள் பட்டியலில் பெயர் இருக்கும், வேலை மட்டும் தற்காலிகமாகக் கொடுக்க முடியாமல் போயிருக்கும். ஒரேயடியாக அனுப்புவதற்குப் பெயர் ஆட்குறைப்பு. இரண்டுக்கும் தனித்தனி இழப்பீடு, தனித்தனி விதி. வேலையைப் பங்கு போடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டத்தில் அதற்கென்று ஒரு தனி அத்தியாயம் கிடையாது. ஒப்பந்தம் போட்டு நாமே கட்டிக்கொள்ள வேண்டிய ஏற்பாடு அது.

ஜெர்மனியில் இதற்கு அரசாங்கமே பணம் போடுகிறது. வேலை நேரம் குறைந்ததால் ஒருவருக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் எவ்வளவு குறைகிறதோ, அதில் 60 சதவீதத்தை, பிள்ளை இருப்பவர்களுக்கு 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் ஈடுகட்டுகிறது. நம்மிடம் அப்படி ஒரு நிதி இல்லை. ஆக, விழுகிற நஷ்டத்தை முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது.

அறுபது பேர், பன்னிரண்டு வாரம்

ஒரு சிறிய ஷூ கம்பெனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 தொழிலாளர்கள், வாரம் ஆறு நாள் வேலை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரு நாள் கூலி 450 ரூபாய் என்று வைப்போம். ஒருவருக்கு வாரம் 2,700 ரூபாய். 60 பேர் ஆறு நாள் வந்தால் வாரத்துக்கு 360 ஆள்நாள் ஆகிறது. அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு ஆர்டர் ஆறில் ஒரு பங்கு குறைவு, 300 ஆள்நாள் இருந்தால் போதும் என்கிறார் மேலாளர்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி. பத்து பேரை அனுப்பிவிட்டு 50 பேரை ஆறு நாள் வைத்துக்கொள்ளலாம். அல்லது 60 பேரையும் ஐந்து நாள் வரச் சொல்லலாம். இரண்டிலும் 300 ஆள்நாள்தான் வரும்.

பல முதலாளிகள் முதல் வழிதான் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். பத்து பேர் கூலி, வாரம் 27,000 ரூபாய், பன்னிரண்டு வாரத்துக்கு 3,24,000 ரூபாய் மிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரைச் சும்மா அனுப்ப முடியாது. ஒரு மாத முன்னறிவிப்போ, அந்த மாதத்துக் கூலியோ கொடுக்க வேண்டும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, அனுப்பப்படுபவர் வேறு தொழில் பழகிக்கொள்வதற்கான நிதிக்கு இன்னொரு 15 நாள் கூலியும் முதலாளி கட்ட வேண்டும். யாரை அனுப்புவது என்பதையும் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. அந்தந்தப் பிரிவில் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது பொதுவிதி.

அப்படிக் கடைசியில் சேர்ந்த பத்து பேருக்கும் இரண்டு வருஷ சர்வீஸ் என்று வைப்போம். ஒருவருக்கு முன்னறிவிப்பு மாதத்துக்கு 26 நாள் கூலி, 11,700 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு இழப்பீடு 13,500. நிதிக்கு 6,750. மொத்தம் 31,950. பத்து பேருக்கு 3,19,500 ரூபாய். மிச்சம் பிடித்த 3,24,000-இல் இதைக் கழித்தால் முதலாளி கையில் நிற்பது 4,500 ரூபாய்.

அதோடு முடியவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்துச் சீசன் திரும்பியதும் பத்து பேர் வேண்டும். அனுப்பப்பட்டவர்கள் அதற்குள் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிற தையல்காரர் முதல் ஆறு வாரம் பாதி வேகத்தில்தான் ஓட்டுவார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அந்தப் பாதி வேகத்தின் விலை பத்து பேருக்கு 81,000 ரூபாய். ரிஜெக்ட் ஆகும் ஜோடிகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இப்போது இரண்டாவது வழி. சனிக்கிழமை எல்லாருக்கும் வேலை இல்லை. அந்த நாளுக்குப் பாதிக் கூலி, 225 ரூபாய் என்று பேசி முடிக்கிறார்கள். ஏன் பாதி? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற, பருவத்துக்கு மட்டுமே இயங்காத தொழிற்சாலையில் லே-ஆஃப் கொடுத்தால், ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு அடிப்படைக் கூலி, பஞ்சப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆர்டர் குறைந்ததை லே-ஆஃப் காரணமாகச் சொல்ல முடியுமா என்பதில் வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அந்தப் பாதிதான் இயல்பான ஆரம்பப் புள்ளி. அதற்குக் கீழே இறங்கச் சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஐம்பது பேருக்குக் குறைவான இடத்தில் இந்தப் பிடி இல்லை. அங்கே முழுக்க முழுக்க ஒப்பந்தம்தான்.

பாதிக் கூலி கொடுத்தால் தொழிலாளிக்கு வாரம் 2,475 வரும். பன்னிரண்டு வாரத்தில் அவர் இழப்பது மொத்தம் 2,700 ரூபாய், அதாவது ஒரு வாரக் கூலி. முதலாளிக்கு வாரம் 13,500 வீதம் 1,62,000 ரூபாய் மிச்சம். சீசன் திரும்பும் திங்கட்கிழமை காலையில் அதே 60 பேர், அதே கை வேகத்தோடு மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் சேர்ந்த பத்து பேருக்கும் சட்டக் கணக்கில் ஒரு வருஷ சர்வீஸ் ஆகவில்லை என்றால், மேலே சொன்ன முன்னறிவிப்புக் கூலியும் இழப்பீடும் இல்லை. அப்போது அனுப்புவதுதான் மலிவு. மந்தம் வந்ததும் சேர்ந்து சில மாதமே ஆனவர்கள் காணாமல் போவது அதனால்தான். 'யாரையும் அனுப்பமாட்டோம்' என்று ஒரு கம்பெனி சொன்னால், அந்த 'யாரையும்' என்பதில் இவர்களும் அடங்குகிறார்களா என்று பாருங்கள்.

மணியைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா

'வேலை நேரத்தைக் குறைப்பது' என்றதும், தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் முன்னால் விடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். ஆறு நாளும் வேலை, எல்லாருக்கும் ஒரே மாதிரி, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் இது பெரும்பாலும் தப்பான வழி. காரணம் இரண்டு.

ஒன்று சட்டம். குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டிருக்கும்போது, வேலைக்கு வந்தவரை வேலை இல்லை என்று பாதியில் அனுப்பினால், அவர் முழு நாள் வேலை செய்ததாகவே வைத்துக் கூலி கொடுக்க வேண்டும். அவராகவே போனால் அது வேறு கதை. ஆகவே, குறைந்தபட்சக் கூலியை ஒட்டிச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி (நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான்) மணி நேரத்தைக் குறைத்து, அதற்கேற்ப அந்த நாளின் கூலியையும் குறைத்தால் விதியை மீறியதாகிவிடும். ஒரு முழு நாளை விட்டால் இந்தச் சிக்கல் வராது.

இன்னொன்று நடைமுறை. கம்பெனி பஸ் விடிகாலையிலேயே கிராமம் கிராமமாகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. ஆறரை மணி நேரம் ஓடினாலும் எட்டு மணி நேரம் ஓடினாலும் பஸ்ஸுக்கு டீசல் ஒன்றுதான். கம்ப்ரஸரைக் காலையில் எப்படியும் போட்டாக வேண்டும். தொழிலாளிக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்து என்ன ஆகப்போகிறது? பஸ் புறப்படும் வரை கேட்டருகே உட்கார்ந்திருப்பார். முழுசாக ஒரு நாள் கிடைத்தால், அதுவும் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிந்தால், நிலம் இருப்பவர் தன் கொல்லையைப் பார்ப்பார், மற்றவர் கடலை பிடுங்கவோ கல்யாண மண்டபத்தில் கைவேலைக்கோ போய் அந்த 225-ஐ ஈடுகட்டப் பார்ப்பார்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே நாள் விடுவதா, முறை வைத்து ஆளுக்கொரு நாளா? ஷூ லைனில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். கட்டிங்கில் வெட்டிய தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்கும் ஸ்கைவிங் மெஷினில் ரெண்டே ரெண்டு பேர் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை அதில் ஒருவருக்கு முறை லீவு என்றால், பின்னால் தையலில் உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கும் பாதி நாள் கையில் வேலை இருக்காது. ஆகவே லைன் முழுக்க ஒரே நாளில் நிற்பதுதான் சரி. வாட்ச்மேன், மெயின்டனன்ஸ் ஆட்கள் சனிக்கிழமை வந்தாக வேண்டும் என்றால், அவர்களுக்கு வாரத்தில் வேறு ஒரு நாள்.

தோல் பதனிடும் ஷாப்பில் இந்த விதி ஒத்துவராது. ஊறலில் போட்ட பச்சைத் தோலும் சுண்ணாம்பில் கிடக்கிற தோலும் சனிக்கிழமை லீவு என்று காத்திருக்காது. விட்டால் தோல் கெட்டுப்போகும். அங்கே நாளைக் குறைப்பதற்குப் பதிலாக, வாரத்துக்கு டிரம்மில் ஏற்றும் லோடைக் குறைத்து, அதற்கேற்ப ஆட்களை முறை மாற்ற வேண்டும். குரோம் போட்டு வெட்-புளூ நிலைக்கு வந்த தோல்தான் சில நாள் தாங்கும்.

முறை வைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மந்தம் பாதிக்குப் பாதியாக இருந்த இடத்தில், 'இந்த மாதம் இவர்கள், அடுத்த மாதம் அவர்கள்' என்று ஆறு மாதத்துக்கு ஏற்பாடு செய்ததாக வையுங்கள். ஒருவருக்கு ஆறு மாதத்தில் மூன்று மாத வேலை, மாதம் 26 நாள் என்றால் சரியாக 78 நாள். இஎஸ்ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் (ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச்) குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். இவர் நடுவில் காய்ச்சல் என்று கூலி இல்லாமல் ரெண்டு நாள் லீவு போட்டால் 76 ஆகிவிடும். அடுத்து வரும் உதவிக் காலத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்தால் பணம் வராது. அதையே வாரத்துக்கு மூன்று நாள் என்று பிரித்தாலும் இதே 78தான், அங்கேயும் கத்தி முனைதான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விடுகிற நம் கணக்கில் இந்தப் பயமே இல்லை. பன்னிரண்டு சனிக்கிழமை போனாலும் 78-ஐத் தாராளமாகத் தாண்டும். ஆகவே மந்தம் ஆழமாக இருக்கும் இடத்தில், நாள் கணக்கை டைம் ஆபீசில் முன்கூட்டியே ஆள் ஆளாக எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

'எல்லாரும்' என்றால் யார்

கூலி குறைவதைவிட ஆட்களுக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. நாம் சனிக்கிழமை வீட்டில் இருக்கிறோம், மாடியில் ஏசி ஓடுகிறது, அங்கே யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை என்ற செய்திக்கு. மாதச் சம்பளக்காரர்களுக்கு வெட்டு தானாக விழாது. நாள் கூலிக்காரருக்கு அட்டை பஞ்ச் ஆகவில்லை என்றால் கூலி நின்றுவிடும், மாதச் சம்பளக்காரருக்கு யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் குறையும். எழுத வேண்டியவரும் மாதச் சம்பளக்காரர். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த வேலையை அவர் மறந்துவிடுவார்.

நம் கணக்கில் தொழிலாளி இழப்பது வாரக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மாதம் 40,000 வாங்கும் மேலாளருக்கும் அதே பங்கு என்றால் 3,333 ரூபாய் குறைய வேண்டும். என் கருத்தைக் கேட்டால், மேலே இருப்பவர்களுக்குச் சனிக்கிழமைப் பாதிக் கூலியும் தேவையில்லை. ஆறில் ஒரு பங்கு, 6,667 ரூபாய் முழுசாகக் குறையட்டும். மாதம் பதினோராயிரம் சொச்சத்தில் ஆயிரம் போவதும், நாற்பதாயிரத்தில் ஆறாயிரம் போவதும் ஒன்றல்ல. ஆனால் சம்பளத்தை வெட்டிவிட்டு, 'பையர்கிட்ட பேசணும், வாங்க' என்று சனிக்கிழமையும் அவரைக் கூப்பிடக் கூடாது. நாள் குறைந்தால்தான் சம்பளம் குறையலாம், இது மேலாளருக்கும் பொருந்தும்.

இந்த வட்டத்துக்கு வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி, ஏஜென்ட் பை கொண்டுவந்து போடுவார். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மந்தம் வந்தால் ஏஜென்ட் வராமல் இருப்பார், அவ்வளவுதான். கம்பெனிக்குள் 60 பேரின் வேலையைக் காப்பாற்ற, வெளியே கொடுத்த வேலையை முதலில் உள்ளே இழுத்துக்கொள்வது வழக்கம். உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாகப் படுவது, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு திண்ணையில் பூஜ்யமாக முடிகிறது. வேலைப் பங்கீட்டு ஒப்பந்தம் எதிலும் இவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை. பழைய அளவில் பாதிப் பையாவது தொடர்ந்து கொடுப்போம் என்று ஒரு வரி சேர்ப்பது முடியாத காரியம் இல்லை.

எங்கே கோணலாகிறது

சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு, ஆறு நாள் வேலையை ஐந்து நாளில் வாங்குவதுதான் அடிக்கடி நடப்பது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், லைன் முனையில் தொங்கும் டார்கெட் போர்டு போதும். நம் கம்பெனி முன்பு நாளைக்கு 300 ஜோடி, வாரம் 1,800 போட்டது என்று வையுங்கள். ஐந்து நாள் என்றால் 1,500 வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டைக் கூட்டிப் பார்த்தால் 1,750 வருகிறது என்றால், அங்கே வேலை குறையவில்லை, கூலி மட்டும்தான் குறைந்திருக்கிறது. மணிக்கு மணி எழுதும் எண்ணைத் தினமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நாலு வாரப் படம் சேர்ந்தால் அதற்கு மேல் யாரும் வாய் பேச முடியாது.

ஓவர்டைமும் அப்படித்தான். ஒரு லைன் சனிக்கிழமை வீட்டில் இருக்க, பக்கத்து லைன் ராத்திரி எட்டு மணி வரை ஓவர்டைம் செய்தால் பங்கீடு என்பது பேச்சுக்குத்தான். ஒரு லைனின் ஆட்களை இன்னொரு லைனுக்கு மாற்ற முடியாத அளவு வேலை வேறுபடலாம் என்பது உண்மைதான். அப்படியானால் அதைக் காட்டி விளக்க வேண்டியது மேலாளரின் பொறுப்பு.

முடிவுத் தேதி இல்லாததுதான் எல்லாவற்றிலும் மோசம். பன்னிரண்டு வாரம் என்று தொடங்கியது பழகிப்போய், ஆர்டர் வந்த பிறகும் ஐந்து நாளாகவே நின்றுவிடும். சனிக்கிழமை வேலை மட்டும் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகும்.

இவற்றை அடைக்கத்தான் எழுத்து ஒப்பந்தம். வேலை நேரத்தையும் கூலியையும் முதலாளி தானாக மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை போர்டில் எழுதித் திங்கட்கிழமை முதல் என்பது செல்லாது. இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அந்த 21 நாள் தேவையில்லை. தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போட்டால் இன்னும் நல்லது, கையெழுத்துப் போடாதவர்களையும் சேர்த்து எல்லாரையும் அது கட்டுப்படுத்தும்.

ஒப்பந்தம் பக்கம் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாள் லீவு, அதற்கு எவ்வளவு கூலி, யார் யாருக்கு என்று வந்தால் பாதி முடிந்தது. ஆறாவது வாரம் ஆர்டர் புத்தகத்தை இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பது என்று ஒரு வரி. வேலை கூடினால் முதலில் சனிக்கிழமை திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஓவர்டைமும் புது ஆளும் என்று ஒரு வரி. கடைசியாக, பழைய முழுக் கூலியை அடிப்படையாக வைப்பது எவற்றுக்கு என்று ஒரு வரி.

இந்தக் கடைசி வரியை அசட்டையாக விடாதீர்கள். உண்மையில் வாங்கிய கூலியை வைத்து 8.33 சதவீதம் தீபாவளி போனஸ் போடும் இடத்தில், 2,700 குறைந்தால் போனஸில் 225 ரூபாய் குறையும். அது சின்னத் தொகை. கிராஜுட்டி அப்படியல்ல. அது கடைசியாக வாங்கிய கூலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் என்று பெருகுகிற தொகை. இருபது வருஷம் வேலை செய்தவர் இந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் ஓய்வு பெற்றால், எந்தக் கூலியை வைப்பது என்று தகராறு வரும். 'பங்கீட்டுக் காலத்துக் குறைவு கிராஜுட்டி, போனஸ், லீவுக் கணக்கு எதையும் பாதிக்காது' என்று எழுதி வைத்துவிட்டால் அந்தத் தகராறுக்கே வேலையில்லை.

எல்லாம் கேட்டுக்கொண்டு போன பெண் பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள். லைனில் நாலைந்து பேர் சேர்ந்து பர்சனல் ஆபீசருக்குப் போய்க் கேட்டார்களாம். போர்டை மாற்றி எழுதியிருக்கிறார்கள். போனில் படத்தைக் காட்டினாள். பன்னிரண்டு வாரம் என்று தேதி போட்டிருந்தது, சனிக்கிழமைக்குப் பாதிக் கூலி என்றும் இருந்தது. அதற்குக் கீழே 'கட்டிங், தையல், லாஸ்டிங், பேக்கிங் பிரிவுகளுக்கு மட்டும்' என்று முடித்திருந்தார்கள்.

"ஆபீஸ்காரங்க?" என்றேன்.

"அதத்தாணா நாளைக்குக் கேக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு, போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.